பம்பு கம்பெனிக்கு மட்டும் வேறு தொடக்க நாள்

காய்ந்த துணிகளை மடித்து வைப்பது அந்த வீட்டில் கோடு அக்காவின் வேலை. சமையல் தம்பி மனைவியுடையது, கடை கண்ணி தம்பியுடையது என்று யாரும் உட்கார்ந்து பிரிக்காமலே பிரிந்துபோன வேலைகள். அக்கா மடித்தால் சட்டைகளின் காலர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், துண்டுகளின் விளிம்பு ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். "அண்ணி மடிச்ச பீரோவத் திறந்தா ராணுவத்துல நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள் தம்பி மனைவி. பாராட்டா கிண்டலா என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மடிப்பு சாப்பாட்டு மேசையில் நடக்கும். ஒரு பக்கம் துணிக்குவியல், மறுபக்கம் மடிக்கணினி. வெள்ளிக்கிழமையின் முடிவு விலைகள் கணினியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அக்கா தம்பியின் சீருடைச் சட்டைகளை எடுத்து உதறுவாள். ஒவ்வொரு சட்டைப் பைக்கு மேலும் நீல நூலில் ஒரு தண்ணீர்ப் பம்பின் படம். தம்பி பதினெட்டு வருடமாக அந்தப் பம்பு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருக்கிறான். போல்ட், நட்டு, ரப்பர் வளையம் எல்லாம் அவன் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது.

கோடு அக்கா என்பது பங்குத் தரகர் அலுவலகத்தில் வைத்த பெயர். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, நாலு திரை, ஒரு தண்ணீர் கேன். தட்டச்சு செய்ய வந்தவள், கல்யாண வாழ்க்கை ஒன்றரை வருடத்தில் முறிந்துபோய்த் தம்பி வீட்டுக்குத் திரும்பிய சமயம் அது. வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டர்களைக் கணினியில் போடப் பழகினாள். பிறகு சார்ட்டுகளைப் பார்க்கத் தொடங்கினாள். இன்றைக்கு ஐம்பத்தொரு வயதில், அந்த அலுவலகத்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் திங்கட்கிழமை காலையில் முதலில் பார்ப்பது அவள் அனுப்பும் வாட்ச்லிஸ்டைத்தான். சில நாளிலிருந்து சில வாரம் வரை வைத்திருந்து விற்கிற ஸ்விங் வியாபாரத்துக்கான பட்டியல் அது. "வாங்கச் சொல்ற பட்டியல் இல்ல, கண்ணு வைக்கச் சொல்ற பட்டியல்" என்று அவள் வாரம் தவறாமல் சொல்வாள். விலை ஒரு குறுகிய இடைவெளிக்குள் அடங்கி, அதன் மேல் விளிம்பைத் தாண்டினால்தான் வாங்க வேண்டும். தாண்டாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பாதிப் பேர் சும்மா இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவளுடைய முறை எளிமையானது. முதலில் எந்தத் துறை மொத்தச் சந்தையைவிட வேகமாகப் போகிறது என்று பார்ப்பாள். பிறகு அந்தத் துறைக்குள் போவாள். ஒரு பங்கின் விலையை அதே நாளின் துறைக் குறியீட்டால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்களை நாள் வரிசையில் இணைத்தால் ஒரு கோடு. கோடு ஏறினால் அந்தப் பங்கு தன் கூட்டத்தை முந்துகிறது, இறங்கினால் பின்தங்குகிறது. விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கலாம், கூட்டம் அதைவிட வேகமாக ஓடினால். கூட்டமே சரியும்போது கொஞ்சமாகச் சரிகிற பங்குக்கும் கோடு ஏறும், அதனால்தான் துறையை முதலில் பார்ப்பது. கடைசியாக, அந்தக் கோடு மூன்று மாதத்தில் எவ்வளவு ஏறியது என்று ஒவ்வொரு பங்குக்கும் கணக்கிட்டு வரிசைப்படுத்துவாள். முதல் நாலு பேருக்குத்தான் பட்டியலில் இடம்.

மூன்று மாதம் என்றால் எல்லாருக்கும் ஒரே மூன்று மாதம். இதில் அக்கா கறார். வாடிக்கையாளர்களில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டு, தன் செல்லப் பங்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒருமுறை மன்றாடினார். போன மாதம் அடிமட்டத்தைத் தொட்டதிலிருந்து பார்த்தால் அது எல்லாரையும் முந்துகிறது என்றார்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் கடிகாரத்த ஓட விடணும் சார்" என்றாள் அக்கா. "உங்க ஆளு விழுந்து, எழுந்து, மண்ணத் தட்டிட்டு வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணினா, அதுக்குப் பேரு பந்தயமா?"

அலுவலகமே சிரித்தது. பிசியோதெரபிஸ்டும் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரத் தொழில் துறை நல்ல வேகத்தில் இருந்தது. குறியீட்டில் பதினாலு கம்பெனிகள், அவற்றில் தம்பியின் பம்பு கம்பெனியும் ஒன்று. மூன்று மாதக் கணக்கில் அது பதினோராவது இடம். முதல் ஆறேழு வாரம் அதன் கோடு படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி கீழே போயிருந்தது. அதன் பிறகு மெல்ல எழுந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் விட்ட இடத்தை இன்னும் எட்டவில்லை.

தம்பி குளித்துவிட்டு வந்து மேசையோரம் நின்றான். இரண்டு வாரமாக அவன் முகம் சரியில்லை. ஸ்டோர்ஸ் அதிகாரி பதவிக்கு அவனைத் தாண்டி, அவனிடமே வேலை பழகிய ஒருவனைப் போட்டுவிட்டார்கள்.

"என்னக்கா, இந்த வாரமும் எங்க கம்பெனி ஃபெயில்தானா?"

"எந்திரிச்சிட்டு வருதுடா. கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகாது, விடு. எனக்கே வரல, கம்பெனிக்கு எங்கேருந்து வரப்போகுது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அவன் ஈரத்துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அக்கா துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பம்பு கம்பெனியின் வரியில், தொடக்க நாள் இருந்த கட்டத்தில், வேறொரு தேதியைத் தட்டினாள். அது அந்தப் பங்கின் கோடு அடிமட்டத்தைத் தொட்ட நாள். மற்ற பதின்மூன்று பேருக்கும் பழைய தேதியே. பதினோராவது இடத்திலிருந்த பெயர் முதல் இடத்துக்கு வந்தது. நாலாவதாக இருந்த பேரிங் கம்பெனி பட்டியலுக்கு வெளியே போனது. கீழே வழக்கம்போல "மூன்று மாத ஒப்பீடு" என்ற குறிப்பு அப்படியே இருந்தது. ஒரு வாரம்தானே, அது வாங்கும் இடத்தை எட்டப் போவதில்லை, யாரும் வாங்கப் போவதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அனுப்பிவிட்டு மீதிச் சட்டைகளை மடித்தாள்.

சாயங்காலம் தம்பி கைபேசியோடு ஓடிவந்தான். "அக்கா! முதல்லயா போட்டிருக்க! ஏய், இங்க வா, பாரு, எங்க கம்பெனி ஃபர்ஸ்ட்!" மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இரண்டு வாரத்தில் முதல் முறையாக அவன் கலகலப்பாகப் பேசினான், ஸ்டோர்ஸில் எலி புகுந்த கதையை நடித்துக் காட்டினான், எலியாகவும் காவலாளியாகவும். அக்காவும் சிரித்தாள். சாப்பிடாமல் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பம்பு கம்பெனி தன் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. யாரும் எதிர்பார்க்காத அளவு லாபம், கூடவே பெரிய ஏற்றுமதி ஆர்டர். வியாழக்கிழமை காலை சந்தை திறந்ததும் அந்தப் பங்கு, தாண்ட வேண்டிய விளிம்பைத் தாண்டி, எங்கேயோ மேலே போய் நின்றது.

சும்மா இருக்கத் தெரியாத பாதிப் பேர் திங்கட்கிழமையே வாங்கியிருந்தார்கள். அவர்களில் முதல் ஆளாக மாடிப்படி ஏறி வந்தவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டப்பா கேக்.

"அக்கா, கையக் கொடுங்க. கொடுங்கங்கறேன்ல."

"நான் ஒண்ணும் பண்ணல சார். ரிசல்ட் நல்லா வந்திருக்கு."

"அதான் எனக்கும் தெரியுமே. ஆனா உங்களுக்கு ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிருக்கு பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "தம்பி அங்கதானே இருக்காரு? நான் வாயத் திறக்க மாட்டேன்."

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சுட்டது.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார்! அவன் ஸ்டோர்ஸ்ல இருக்கான். அவனுக்கு என்ன தெரியும்? நான் கோடு பாத்துத்தான் போட்டேன்."

"கோடுதான், கோடுதான்" என்று காசாளர் கண்ணடித்துவிட்டு, அடுத்த அறையில் இருந்தவர்களுக்குக் கேக் கொடுக்கப் போனார். அங்கே பிசியோதெரபிஸ்டின் குரல் கேட்டது: "எங்க ஆளு மட்டும் மண்ணத் தட்டிட்டு வரக் கூடாதாம்!" எல்லாரும் சிரித்தார்கள். அவர் எதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பதறி அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை, பழைய கிண்டலைத்தான் திருப்பிப் போட்டார். அன்று முழுக்க அவள் தலை நிமிர்ந்து யாரோடும் பேசவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இன்னும் கொஞ்சம் பாராட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அந்தக் கதவை அவர் சாத்தியதே இல்லை. தாழ்ப்பாள் துருவேறி இழுக்க வரவில்லை. அவர்கள் கிளையாக இயங்கும் பெரிய தரகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. முடிவுகள் வருவதற்கு முன் அந்தப் பங்கு எந்த அடிப்படையில் பட்டியலின் முதல் இடத்தில் வந்தது, பட்டியல் தயாரித்தவருக்கு அந்தக் கம்பெனியோடு உறவு ஏதும் உண்டா, திங்கட்கிழமை காலைக்குள் கணக்கோடு விளக்கம் அனுப்பவும்.

"பயப்படாதீங்கக்கா. இப்படி எல்லாரையும்தான் கேப்பாங்க" என்றார் முதலாளி. "உங்க கணக்க அப்படியே அனுப்பிடுங்க. கோடு பேசும்ல."

"பேசாது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நின்றபடியே சொன்னாள். தேதி மாற்றியது, பதினொன்று ஒன்றானது, பேரிங் வெளியே போனது. சொல்லும்போது அவர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து நேராக வைத்தாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "எதுக்குக்கா?"

"தம்பி மொகம் சரியில்லாம இருந்துச்சு சார்."

"அதுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாமே!" என்றார் எரிச்சலோடு. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு பண்ணுங்க. பதினாலு பேருக்கும் அந்தப் புதுத் தேதியையே போட்டுப் பாருங்க. எல்லாருக்கும் ஒரே நாள்னா தப்பு இல்லையே" என்றார்.

அவர் எதிரிலேயே போட்டுப் பார்த்தாள். ஆறு வாரக் கணக்கில், ஞாயிற்றுக்கிழமை நிலவரப்படியே, பம்பு கம்பெனி முதலில் வந்தது. கச்சிதமாக, சண்டை போடாமல், தானாகவே.

"அவ்வளவுதான்! ஆறு வாரம் பாத்தேன்னு எழுதுங்க. முடிஞ்சது கதை."

"கீழ மூணு மாசம்னு போட்டிருக்கு சார். நாலு வருஷமா எல்லாப் பட்டியல்லயும் மூணு மாசம்தான். அவங்ககிட்ட எல்லாம் இருக்கு. அவங்களே மூணு மாசத்துக்குப் போட்டுப் பாத்தா பதினொண்ணுன்னு வரும். பதினொண்ணுல இருந்தத முதல்ல தூக்கி வைக்கணும்னா, எவனோ உள்ளேருந்து சொல்லியிருக்கான்னுதானே நெனப்பாங்க? எவன்னு தேடினா எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவைத் தெரிந்துகொண்டு தேதியைத் தேடினால் எந்தப் பங்குக்கும் ஒரு நல்ல நாள் கிடைத்துவிடும் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! இந்த ஒரு நாள் பாய்ச்சலுக்குப் பிறகு, வரும் ஞாயிற்றுக்கிழமை நேர்மையாகக் கணக்குப் போட்டாலே பம்பு கம்பெனி முதல் நாலுக்குள் வந்துவிடும். ஒரே ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அற்பமாக இருந்தது.

"உண்மைய எழுதினா பட்டியல் உங்க கைய விட்டுப் போயிடும்க்கா" என்றார் முதலாளி மெதுவாக. "என்னால காப்பாத்த முடியாது."

"தெரியும் சார்."

வீட்டுக்கு வந்தபோது தம்பி முன்னறையில் உட்கார்ந்திருந்தான், சட்டைகூட மாற்றாமல். தம்பி மனைவி அடுக்களை வாசலில் நின்று அக்காவைப் பார்த்துக் கண்ணால் அவனைக் காட்டினாள். அக்கா செருப்பைக் கழற்றினாள்.

"எங்க எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார்" என்றான் தம்பி. "நான் திங்கட்கிழமை உன் பட்டியல ஸ்டோர்ஸ் குரூப்ல போட்டிருந்தேன். எங்க அக்கா போட்டதுன்னு பெருமையா. யாரோ அத மேல அனுப்பிட்டாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? எங்க அக்கா கோடு போட்டா தப்பாதுன்னு சொன்னேன்." அவள் முகத்தைப் பார்த்தான். "அதானேக்கா?"

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அலுவலகத்தில் எழுதி அச்செடுத்து வந்த பதில். அனுப்பவில்லை. அவனிடம் கொடுத்தாள். அவன் படிப்பதை நின்றுகொண்டு பார்த்தாள். மூன்று மாதக் கணக்கில் பங்கு பதினோராவது இடத்தில் இருந்தது, அந்த ஒரு பங்குக்கு மட்டும் தொடக்க நாளை மாற்றினேன், கம்பெனியிலிருந்து எந்தத் தகவலும் எனக்கு வரவில்லை, அங்கே வேலை செய்யும் என் தம்பி பதவி உயர்வு கிடைக்காமல் மனம் உடைந்திருந்தான், அவன் சந்தோஷப்படட்டும் என்று செய்தேன். இவ்வளவுதான். கீழே கையெழுத்துக்கு இடம்.

"பதினொண்ணா?" என்றான் தம்பி.

"ம்."

"அப்ப முதல்ல வந்ததுன்னு நான் கத்தின அன்னிக்கு ராத்திரி, நீ பாட்டுக்குச் சோறு பிசைஞ்சிட்டு உக்காந்திருந்த."

"ஆமாண்டா."

"இதப் போயி எழுதுவியா? மனம் ஒடஞ்சிருந்தான்னு? இது எங்க கம்பெனிக்கும் போகும்க்கா. அந்தப் பய, என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், அவன் மேசைக்கே போகும். பதவி கிடைக்காம வீட்ல அழுதான், அக்கா பொம்மை வாங்கிக் கொடுத்தான்னு சிரிப்பாங்க. ஸ்டோர்ஸ்ல நான் எப்படி நிப்பேன்?"

"ரகசியத்தத் திருடினான்னு சொல்றதுக்கு, சிரிக்கறது தேவலையே."

"உனக்குத் தேவலை!"

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. தம்பி மனைவி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். பிறகு அங்கிருந்தபடியே, "அண்ணி, அந்த மனசு ஒடஞ்சதுங்கற வரிய எடுத்துட்டு அனுப்பலாம்ல?" என்றாள்.

"எடுத்தா, எதுக்கு மாத்தினேன்னு கேப்பாங்கம்மா. காரணம் இல்லாம போச்சுன்னா, இவன் சொல்லித்தான்னு ஆயிடும். வேற எந்தக் காரணத்த எழுதினாலும் அது பொய். ஒரு பொய்க்கே இந்தக் கதி."

தம்பி தாளை மறுபடி படித்தான். இந்த முறை உதடு அசைந்தது. பதினெட்டு வருடத்தில் அவன் ஸ்டோர்ஸில் ஒரு வளையம்கூடக் கணக்கில் குறைந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டான். அப்படிப்பட்டவனைத் தான் இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நிறுத்தியிருக்கிறோம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. இரண்டுமே தலை குனிய வைக்கிற வழிகள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். அந்த உரிமையும் இப்போது இருக்கிற மாதிரி தோன்றவில்லை.

"நீ வேண்டாம்னா அனுப்பலடா" என்றாள். "ஆறு வாரக் கணக்கு ஒண்ணு இருக்கு, முதலாளி சொன்னார். அத அனுப்பிடறேன். மாட்டினா எல்லாம் எங்க அக்கா செஞ்சதுன்னு நீ சொல்லிக்கலாம்." சொல்லி முடித்ததும் தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. "இல்ல. அத அனுப்ப மாட்டேன். இதத்தான் அனுப்பணும். ஆனா உன்னக் கேக்காம அனுப்ப மாட்டேன்."

தம்பி தாளை இரண்டாக மடித்து, மேசைமேல் வைத்தான். எழுந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான், பிறகு அடுத்ததை.

"சொல்லுடா. அனுப்பட்டுமா?"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மடித்த தாளின்மேல் வைத்துவிட்டு, அவளைத் தாண்டி உள்ளறைக்குப் போனான்.